மலருக்கு ‘தெரியாது’ என்று சொல்ல வராது

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் பெரும்பாலும் 52 எபிசோடு, ஆளுக்கு 11 நிமிடம் என்ற கணக்கில்தான் சேனலுக்குப் போகிறது. கூட்டினால் ஒன்பதரை மணி நேரக் கதை. அதை ஒருவரே எழுதுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ‘ப்ளூயி’ தொடரில் ஏறக்குறைய எல்லா எபிசோடுகளையும் அதை உருவாக்கிய ஜோ ப்ரம் தான் எழுதினார். ஆனால் அப்படி அமைவது அபூர்வம். வழக்கமாக ஏழெட்டு எழுத்தாளர்கள் ஒரே சமயத்தில் எழுதுவார்கள். ஒருவர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் மும்பையில். படம் வரைகிறவர்கள் வேறொரு ஊரில். பலர் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதனால் என்ன ஆகும் என்பதை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தை முதலில் கண்டுபிடித்துவிடும். போன வாரம் நாய்க்குப் பயந்த பையன் இந்த வாரம் நாயைக் கட்டிப்பிடிக்கிறான். நேற்று ஏரிக்குப் பஸ்ஸில் போனார்கள், இன்று நடந்தே போய்விட்டார்கள். “அம்மா, இது தப்பு” என்று அது சொல்லும். அதே எபிசோடை இருபது தடவை பார்க்கிற ரசிகருக்கு எதுவும் தப்பாது.

இந்தத் தப்பைத் தடுக்க எழுதப்படுவதுதான் சீரிஸ் பைபிள். தொழிலில் சுருக்கமாகப் பைபிள் என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சேனலிடம் தொடரை விற்பதற்கானது. பதினைந்து இருபது பக்கம், நிறையப் படம், கொஞ்சம் எழுத்து. மற்றது எழுத்தாளர்களுக்கானது. விற்பனை முடிந்த பிறகு எழுதப்படும் இந்த இரண்டாவது பைபிளைத்தான் தொடரின் சட்டம் என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவரை மயக்கும் நடையில் அதை எழுதினால் எழுத்தாளருக்கு எந்தப் பயனும் இல்லை. “நட்பின் மகத்துவத்தைப் பேசும் வண்ணமயமான உலகம்” என்ற வரியை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் அவர் எந்தக் காட்சியை எழுதுவார்?

எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரித் தொடரை எடுத்துக்கொள்வோம். சிறு நகரம் ஒன்றில் ஒரு தெரு. தெருமுனையில் தாத்தாவின் சைக்கிள் ரிப்பேர் கடை. பேத்தி மலருக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டு இஸ்மாயிலுக்கு எட்டு. மலரின் தம்பி ராசுவுக்கு நான்கு. கடையின் மூலையில் துருப்பிடித்த ஒரு பழைய சிவப்பு சைக்கிள், பெயர் செவலை. அது பேசும், ஆனால் குழந்தைகளிடம் மட்டும். ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ளவர்களுக்கான தொடர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பாத்திரங்கள். புதிதாக பைபிள் எழுதுகிறவர் மலரைப் பற்றி இப்படித்தான் எழுதுவார்: “மலர் துறுதுறுப்பானவள். தைரியசாலி. எல்லோருக்கும் உதவும் நல்ல மனசுக்காரி.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உலகத்திலுள்ள எல்லாக் கார்ட்டூன் நாயகிகளுக்கும் இது பொருந்தும். இந்த வரிகளிலிருந்து ஒரு கதை கூடப் பிறக்காது.

இதையே மாற்றி எழுதிப் பார்க்கலாம். “மலருக்கு ‘தெரியாது’ என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு அதை உண்மையாக்க ஓடுவாள். தாத்தாவைப் போலத் தானும் எல்லாம் தெரிந்தவள் என்று தெரு நம்ப வேண்டும் என்பது அவள் ஆசை. தெரியாதது வெளியே தெரிந்துவிட்டால் கடையில் உட்கார விடமாட்டார்களோ என்பது அவள் பயம். பொய் சொல்லி யாரையும் மாட்டிவிட மாட்டாள். மாட்டிக்கொள்வது எப்போதும் அவளேதான்.”

இப்போது யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம். தெருவில் யாராவது மலரிடம் ஒரு கேள்வி கேட்டாலே கதை தொடங்கிவிடும். நல்ல பாத்திரக் குறிப்பு எதையெல்லாம் சொல்லும் என்று கவனியுங்கள். அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயம், சிக்கல் வந்த முதல் நொடியில் என்ன செய்வாள், எதை ஒருபோதும் செய்யமாட்டாள். இவற்றில் அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஏதோ ஓர் எபிசோடில் மலர் இஸ்மாயில்மேல் பழியைப் போடுவாள், அன்றைக்கு அவள் வேறு யாரோ ஆகிவிடுவாள்.

மற்றவர்களையும் இதே முறையில் எழுத வேண்டும். இஸ்மாயில் எதையும் எண்ணிப் பார்க்காமல் தொடங்கமாட்டான். ஆணி டப்பாவில் எத்தனை ஆணி என்பது அவனுக்குத் தெரியும். பெரியவர்கள் திட்டுவது அவனுக்குப் பெரிய பயம். ராசு கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைச் சொன்னபடியே செய்துவிடுவான். “காற்றுப் போயிடுச்சு” என்றால் வாசலுக்குப் போய் அது எந்தப் பக்கம் போனது என்று தேடுவான்.

பாத்திரங்கள் தனித்தனியாக நிற்கிறார்களா என்பதைக் கண்டுபிடிக்க எழுத்தறையில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒரே சம்பவத்தை எல்லோருக்கும் கொடுப்பது முதலாவது. தாத்தாவின் கண்ணாடி காணவில்லை. மலர், “நான் பார்த்தேனே, மாடியில இருக்கு” என்று பார்க்காததைச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடுவாள். இஸ்மாயில் காலையிலிருந்து தாத்தா உட்கார்ந்த இடங்களை வரிசையாக எழுதுவான். ராசு யாரோ “கண்ணை மூடிட்டு எடுத்துடலாம்” என்று சொன்னதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான். மூவரும் வேறு வேறு திசையில் போனால் குறிப்பு வேலை செய்கிறது. இரண்டு பேர் ஒரே காரியத்தைச் செய்தால் அவர்களில் ஒருவர் தொடருக்குத் தேவையில்லை. அடுத்த சோதனை பேச்சில். பைபிளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஐந்தாறு மாதிரி வசனம் இருக்கும். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

நம் ஊர்த் தொடர்களுக்கு இங்கே இன்னொரு பக்கம் கூடுதலாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் அது. மலர் தாத்தாவை “தாத்தா, வாங்க” என்பாளா, “தாத்தா, வா” என்பாளா? இரண்டும் நம் வீடுகளில் உண்டு, ஆனால் ஒரு தொடரில் ஒன்றுதான் இருக்க முடியும். இஸ்மாயிலின் அம்மாவை மலர் அத்தை என்பதா, ஆன்ட்டி என்பதா? மலரும் இஸ்மாயிலும் வாடா போடா பேசுவார்களா? இதை எழுதி வைக்காவிட்டால் எட்டு எழுத்தாளரும் தத்தம் வீட்டு வழக்கத்தில் எழுதுவார்கள், தெரு எட்டுத் தெருவாகிவிடும்.

செவலைக்கு வருவோம். மந்திர சக்தி உள்ள பாத்திரத்துக்கு என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது என்பதை முதலில் எழுத வேண்டும். ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் 2008இல் தொடங்கிய ‘சோட்டா பீம்’ தொடரைப் பார்க்கும் குழந்தைக்குக்கூட விதி தெரியும்: லட்டு சாப்பிட்டால் பீமுக்குப் பலம் வரும். அதனால்தான் லட்டு இன்னும் கைக்கு வராத நேரம் கதையாகிறது. அது எப்போதும் பையிலேயே இருந்தால் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘டோரா’விலும் குள்ளநரி திருட வரும்போது மூன்று தடவை ‘கூடாது’ என்று சொன்னால் அது நின்றுவிடும். சரியான நேரத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பார்க்கும் குழந்தையும் சேர்ந்து கத்துவது அந்த விதி ஒருநாளும் மாறாது என்ற நம்பிக்கையில்தான்.

செவலைக்கு நான் எழுதும் விதிகள் இவை. குழந்தைகளிடம் மட்டும் பேசும். யாராவது மிதித்தால்தான் நகரும். தான் போன ஊர்களின் பழைய கதைகளைச் சொல்லும், ஆனால் தீர்வைச் சொல்லாது. இந்த மூன்றாவது விதி இல்லாவிட்டால் நான்காவது எபிசோடிலேயே சோர்ந்துபோன ஓர் எழுத்தாளர் செவலையின் வாயால் விடையைச் சொல்ல வைத்துவிடுவார். அடுத்தவர் அதைப் பார்த்து அதையே செய்வார். பத்து எபிசோடுக்குள் மலர் கேட்கிறவள், செவலை சொல்கிறது என்று தொடரே திரும்பிவிடும்.

அடுத்து இடம். இங்கே கற்பனையோடு கணக்கும் சேர வேண்டும். 3டி தொடரில் ஒவ்வோர் இடமும் ஒரு தடவை கட்டப்பட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படும். கடை, தெருமுனை டீக்கடை, பள்ளிக்கூட வாசல், மலர் வீட்டு மொட்டை மாடி, ஏரிக்கரை என்று ஐந்து நிலையான இடங்கள் இருந்தால், அவற்றிலேயே பெரும்பாலான கதை நடக்க வேண்டும். ஓர் எபிசோடுக்குப் புதிதாக ஓரிடம், அதற்குமேல் இல்லை என்று பைபிளிலேயே எழுதிவிடுவது நல்லது. கூட்டம், தெறிக்கும் தண்ணீர், காற்றில் பறக்கும் துணி, அவிழ்ந்த நீள முடி ஆகியவற்றை எழுதுவது ஒரு வரி, செய்வது வாரக்கணக்கு. “ஊரே திருவிழாவுக்குத் திரண்டது” என்று எழுதுகிறவருக்கு அந்த ஊரை ஒவ்வோர் ஆளாக யாரோ கட்ட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பைபிளில் ஒரு வரைபடம் இருக்கும். கடை எந்தத் திசையைப் பார்க்கிறது, மாலை வெயில் எங்கே விழும், கடையிலிருந்து ஏரிக்கு எவ்வளவு நேரம், குழந்தைகள் தனியாக எதுவரை போகலாம். மலரும் இஸ்மாயிலும் பள்ளிக்கூட வாசல்வரை தனியாகப் போகலாம், மெயின் ரோட்டைத் தாண்டக் கூடாது, ஏரிக்கரைக்குப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் போடும் இந்தக் கோடுகள் நடத்தை விதிகளும்தான். கடைப் பலகைகளிலும் முடிந்தவரை எழுத்து வேண்டாம். சைக்கிள் படம் போட்ட பலகை எந்த மொழியில் டப் செய்தாலும் அப்படியே செல்லும். சொல் விளையாட்டை நம்பி நிற்கும் நகைச்சுவைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ராசு காற்றைத் தேடும் காட்சி பிற மொழியில் போகுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போகாவிட்டாலும் அவன் தேடுகிற விதம் பார்க்கச் சிரிப்பாக இருக்க வேண்டும்.

எழுதுவதில் மிகக் கடினமானது தொனி. “வன்முறை கூடாது, நகைச்சுவை ஆரோக்கியமாக இருக்க வேண்டும்” என்று எழுதிவைத்தால் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். கதையைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது மீறுகிறது, இது மீறவில்லை’ என்று விரல்வைத்துக் காட்ட முடிகிற வாக்கியம்தான் விதி. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ரோட் ரன்னரையும் கயோட்டியையும்தான். 1949இல் தொடங்கிய அந்தப் படங்களுக்கு இயக்குநர் சக் ஜோன்ஸ் சில விதிகளைச் சொல்லியிருக்கிறார். பறவை ‘பீப் பீப்’ என்பதைத் தவிர ஓநாய்க்கு வேறு எந்தத் தீங்கும் செய்யக் கூடாது. பறவை சாலையை விட்டு இறங்கக் கூடாது. ஓநாய்க்கு அடிபடுவதைவிட அவமானம்தான் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சரிபார்க்கக்கூடிய வாக்கியம். ஆனால் அந்தப் படங்களை எழுதிய மைக்கேல் மால்டீஸ், இப்படி விதிகள் இருந்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று பின்னாளில் சொன்னார். எனக்கு இது முரணாகத் தெரியவில்லை. நல்ல தொனி விதிகள் பல, வேலை செய்த காட்சிகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்படுகின்றன. அதனால் முதல் நாளிலேயே நாற்பது விதி எழுத உட்காராமல், மூன்று கதைகளை எழுதிப் பார்த்துவிட்டு எழுதலாம்.

குழந்தைத் தொடரில் ஒரு வகை விதிக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பார்த்துச் செய்யக்கூடியவை பற்றிய விதி அது. ‘பெப்பா பிக்’ தொடரின் ஆரம்ப எபிசோடுகளில் காரில் போகும் பாத்திரங்கள் சீட் பெல்ட் போடவில்லை. பெற்றோர் புகார் சொன்ன பிறகு பழைய காட்சிகளைத் திருத்திப் பெல்ட் சேர்த்தார்கள். அதே தொடரின் வேறோர் எபிசோடில், சிலந்தி சின்னது, அது உன்னை ஒன்றும் செய்யாது என்று அப்பா பன்றி பெப்பாவுக்குத் தைரியம் சொல்கிறார். இங்கிலாந்தில் இது நல்ல அறிவுரை. நச்சுச் சிலந்திகள் உள்ள ஆஸ்திரேலியாவில் ஏபிசி சேனல் 2012இல் அந்த எபிசோடை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. எழுதியவர் எந்தத் தவறும் நினைக்கவில்லை. தொடர் போகும் ஊர்களை நினைத்து ஒரு வரி விதி இருந்திருந்தால் சிலந்தியின் இடத்தில் எறும்போ வண்டோ வந்திருக்கும். நம் ஊரில் அந்த வரி பாம்பு, கிணறு, மின்கம்பி, ரயில் தண்டவாளம் என்று நீளும்.

நம் மாதிரித் தொடருக்கு நான் எழுதும் தொனி விதிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, தாத்தா அறிவுரை சொல்லமாட்டார், கருவியைக் கையில் கொடுப்பார். பெரியவர் வந்து தீர்த்துவைத்தால் பார்க்கிற குழந்தைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு, சிரிப்பு ஒருவர் செய்த காரியத்தின்மேல் வரலாம், அவர் உடம்பின்மேல் வரக் கூடாது. குண்டு, கறுப்பு, திக்குவாய், வழுக்கை எதுவும் நகைச்சுவை இல்லை. தமிழ் சினிமா நகைச்சுவையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது தானாக வராது, எழுதிவைத்தே பழக வேண்டும். மூன்று, பயமான காட்சியில் குழந்தை தனியாக இருக்கக் கூடாது. அதே ஃபிரேமில் ஒரு துணை இருக்க வேண்டும், செவலையாக இருந்தாலும் போதும்.

இனி இந்தப் பைபிளுக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். எழுத்தாளர் ஒருவர் அரைப் பக்கக் கதைச் சுருக்கம் அனுப்புகிறார். டீச்சர் தன் சைக்கிளைப் பிரேக் பார்க்கச் சொல்லிக் கடையில் விட்டுப்போகிறார். மலர் தானே சரிசெய்து, ஓட்டிப் பார்க்க ஏரிப்பக்கம் கொண்டுபோகிறாள். பிரேக் பிடிக்கவில்லை. எப்படிக் குதிப்பது என்று செவலை கத்துகிறது. மலர் தண்ணீரில் விழ, இஸ்மாயில் குதித்துக் காப்பாற்றுகிறான். அவசரம் ஆபத்து என்று தாத்தா புத்தி சொல்கிறார்.

படிக்க விறுவிறுப்புதான். ஆனால் கதை ஆசிரியரின் பென்சில் எங்கெல்லாம் நிற்கும் என்று பாருங்கள். மலர் தனியாக ஏரிக்குப் போக முடியாது, வரைபடம் தடுக்கிறது. தண்ணீரில் குதித்துக் காப்பாற்றுவது, எட்டு வயதுப் பையன் பார்த்துச் செய்தால் உயிர் போகும் காரியம். செவலை தீர்வு சொல்கிறது, அதுவும் மிதிக்காமலே ஏரிக்கு வந்துவிட்டது. இஸ்மாயில் யோசிக்காமல் குதிக்கிறான், எண்ணிப் பார்க்காமல் எதையும் தொடங்காதவன் அவன். தாத்தா அறிவுரை சொல்கிறார். தண்ணீர் தெறிக்கும் செலவு தனி.

இத்தனைக்குப் பிறகும் கதையின் விதை நல்ல விதைதான். டீச்சர், “சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமா மலர்?” என்று கேட்கிறார். “ஆயிடும் டீச்சர்” என்கிறாள் மலர், தாத்தா டவுனுக்குப் போயிருக்கும்போது. அவளுக்கே உரிய தொடக்கம். முதலில் மாற வேண்டியது பிரேக். குழந்தை சரிசெய்த பிரேக்கை நம்பி ஒருவர் ஏறிப் போவதை இந்தத் தொடரில் காட்ட முடியாது. பிரேக்கின் இடத்தில் மணியை வைத்தால் எல்லாம் இலகுவாகிவிடுகிறது. டீச்சரின் சைக்கிள் மணி அடிக்கவில்லை. மலர் மூடியைக் கழற்றுகிறாள், உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி எங்கோ போய்விடுகிறது. இஸ்மாயில் கழற்றிய பாகங்களை எண்ணி வரிசையாக அடுக்கி, ஒன்று குறைகிறது என்கிறான். டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறான், திட்டுவாரே என்று வாயை மூடிக்கொள்கிறான். “யாராவது டிரிங்னு அடிச்சாப் போதும்” என்று மலர் முணுமுணுக்கிறாள். அது ராசுவின் காதில் விழுகிறது.

சாயங்காலம் டீச்சர் வருகிறார். ஸ்டாண்ட் போட்டு நிற்கும் சைக்கிளின் மணியைத் தட்டுகிறார். பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருக்கும் ராசு “டிரிங்” என்கிறான். டீச்சர் மறுபடி தட்டுகிறார், மறுபடி “டிரிங்”. மூன்றாம் தடவை தட்டும்போது தும்மல் வருகிறது. டீச்சர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்க்கிறார். மலர் அந்தத் தொடரிலேயே தனக்கு மிகக் கஷ்டமான வாக்கியத்தைச் சொல்கிறாள்: “எனக்கு இதை மாட்டத் தெரியலை டீச்சர்.” டவுனிலிருந்து திரும்பிய தாத்தா எதுவும் பேசாமல் ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறார். ஸ்பிரிங் ராசுவின் சட்டைப் பையில் இருந்தது.

முழுக் கதையும் கடை என்ற ஒரே இடத்தில் முடிகிறது. புதிய பாத்திரம் டீச்சர் மட்டும். புதிய பொருள் ஒரு மணி. ஒவ்வொருவரும் தங்கள் குறிப்பில் உள்ளபடியே நடந்துகொண்டார்கள். ஏரியில் விழுந்த கதையைவிட இது சிரிப்பாகவும் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மலர் இங்கே ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டாளே, அடுத்த எபிசோடில் மறுபடி பழைய மலராக எப்படி வருவாள்? எபிசோடுகள் எந்த வரிசையிலும் ஒளிபரப்பாகும் தொடரில் யாரும் நிரந்தரமாக மாற முடியாது. ஆனால் ஒவ்வொரு கதையின் முடிவிலும் அவள் இதே வாக்கியத்தைச் சொன்னால் ஐந்தாவது தடவையில் அது தேய்ந்துவிடும். எனவே பைபிளில் ஒரு வரி சேர்கிறது: “மலர் வாய்விட்டுத் ‘தெரியலை’ என்று சொல்லும் முடிவு 52 எபிசோடில் நான்குக்கு மேல் வேண்டாம். மற்றவற்றில் அவள் வேறு வழியில் மாட்டி வேறு வழியில் வெளியே வரட்டும்.” அதை எந்த எபிசோடுகளில் செலவழித்தோம் என்று கதை ஆசிரியர் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வருவார்.

இப்படித் தொடர் நடக்க நடக்கப் பைபிளும் வளரும். அதனால் முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாம் பதிப்பில் தாத்தாவுக்குக் கண்ணாடி வந்திருக்கும், முதல் பதிப்பை இன்னும் வைத்திருக்கும் எழுத்தாளர் கண்ணாடி இல்லாத தாத்தாவை எழுதிக்கொண்டிருப்பார். புதிய பதிப்பு போகும்போது மாறிய வரிகளை மட்டும் தனி நிறத்தில் காட்டி, பழையதைத் தூக்கிப் போடச் சொல்லி அனுப்பினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.